இயல்நிலைக் குவாண்டைல் வரைபடம்: t சோதனைக்கு முன் தரவைப் பார்ப்பது எப்படி?

இயல்நிலைக் குவாண்டைல் வரைபடம் என்பது, கையிலுள்ள தரவு இயல்நிலைப் பரவலை ஏறத்தாழ ஒத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிட உதவும் படம் ஆகும். தரவு இயல்நிலைப் பரவலிலிருந்து வந்திருந்தால் அதன் புள்ளிகள் ஒரு நேர்கோட்டையொட்டி அமையும். கோட்டை விட்டு விலகினால், எந்த இடத்தில், எந்தப் பக்கமாக, எவ்வளவு விலகுகின்றன என்பதைப் படம் காட்டும். சிறிய மாதிரிகளில் t சோதனையையோ t நம்பிக்கை இடைவெளியையோ பயன்படுத்தும் முன் இப்படத்தை வரைவது வழக்கம்.

இவ்வகைப் படங்களைப் பற்றி மார்ட்டின் வில்க், ராம் ஞானதேசிகன் ஆகியோர் 1968இல் பயோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரை பரவலாக அறியப்பட்டது. ஞானதேசிகன் சென்னையில் பிறந்த புள்ளியியலாளர். வில்க்கின் பெயர் ஷாபிரோ-வில்க் சோதனையிலும் உள்ளது. அச்சோதனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது.

படத்தை வரையும் முறையையும் படிக்கும் முறையையும் இக்கட்டுரை ஒரே ஒரு தரவைக் கொண்டு விளக்குகிறது. அது சார்லஸ் டார்வின் அளந்த மக்காச்சோளச் செடிகளின் உயரம்.

## t சோதனைக்கு இயல்நிலை ஏன் தேவை?

ஒரு மாதிரியின் சராசரியை அதன் திட்டப் பிழையால் வகுத்தால் t கிடைக்கிறது. திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தது. டப்ளின் நகரின் கின்னஸ் மது ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் இந்த விகிதத்தின் பரவலைக் கண்டறிந்து வெளியிட்டார். முழுமைத் தொகுதி இயல்நிலைப் பரவல் உடையது என்று கொண்டே அவர் கணக்கிட்டார். t அட்டவணையில் உள்ள எண்கள் எல்லாம் அந்த எடுகோளின்மேல் நிற்பவை.

எடுகோள் முழுமையாக நிறைவேறாவிட்டாலும் t சோதனை உடனே பயனற்றுப் போவதில்லை. ஆனால் விலகல் இருவகையில் தீங்கு செய்யும்.

முதல் வகை கோட்டம். தரவு வலப்பக்கம் நீண்ட வாலுடன் இருப்பதாகக் கொள்வோம். அந்த வாலிலிருந்து ஒரு பெரிய எண்கூட மாதிரியில் விழாதபோது, சராசரி உண்மையை விடக் குறைவாக வரும். அதே நேரத்தில் திட்ட விலக்கமும் குறைவாக வரும். தவறான சராசரியும் பொய்யான துல்லியமும் ஒன்றாகச் சேர்வதால், நம்பிக்கை இடைவெளி உண்மையான சராசரியை எதிர்பார்ப்பதை விட அதிக முறை தவறவிடும். அதுவும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் தவறவிடும்.

இரண்டாம் வகை, கூட்டத்தை விட்டு வெகுதூரம் விலகிய ஓரிரு எண்கள். இவை சராசரியைத் தம் பக்கம் இழுப்பதோடு திட்ட விலக்கத்தையும் ஊதச் செய்கின்றன. வகுக்கும் எண் பெரிதானால் t சிறிதாகும். உண்மையில் இருக்கும் வேறுபாட்டைச் சோதனை காணத் தவறக்கூடும்.

மாதிரி பெரிதாக ஆக, மைய எல்லைத் தேற்றத்தின் துணையால் இத்தீங்குகள் குறைகின்றன. பாடநூல்களில் காணப்படும் நடைமுறை விதி இது: 15க்குக் குறைவான எண்கள் இருந்தால் தரவு இயல்நிலைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் இருந்தால், விலகிய புள்ளிகளும் கடுங்கோட்டமும் இல்லாதவரை t முறையைப் பயன்படுத்தலாம். 40க்கு மேல் இருந்தால் தெளிவான கோட்டத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே சிறிய மாதிரியில்தான் இப்படம் மிகவும் தேவைப்படுகிறது. படத்தைப் படிப்பது கடினமாக இருப்பதும் அங்கேதான்.

## டார்வினின் பதினைந்து இணைகள்

அயல் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடிகள் தன் மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவற்றை விட வலுவாக வளர்கின்றனவா என்று டார்வின் ஆராய்ந்தார். முடிவுகளை 1876இல் நூலாக வெளியிட்டார். அதில் ஒரு பகுதி மக்காச்சோளம் பற்றியது. ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒரு செடி என இணை இணையாக, நான்கு தொட்டிகளில் 15 இணைகள் வளர்க்கப்பட்டன. உயரம் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை அளக்கப்பட்டது.

ரொனால்ட் ஃபிஷர் 1935இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் இத்தரவை எடுத்துக்கொண்டு t சோதனையை விளக்கினார். ஒவ்வொரு இணையிலும் அயல் சேர்க்கைச் செடியின் உயரத்திலிருந்து தன் சேர்க்கைச் செடியின் உயரத்தைக் கழித்தால், எட்டிலொரு அங்குல அலகில் பின்வரும் வேறுபாடுகள் கிடைக்கின்றன:

49, −67, 8, 16, 6, 23, 28, 41, 14, 29, 56, 24, 75, 60, −48

இவற்றின் கூட்டுத்தொகை 314, சராசரி 20.93. திட்ட விலக்கம் 37.74, திட்டப் பிழை 9.75. எனவே t = 20.93 / 9.75 = 2.148. கட்டின்மை அளவு 14க்கு 5 விழுக்காட்டு எல்லை 2.145. கணக்கிட்ட t அந்த எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது. p மதிப்பு 0.0497.

நம்பிக்கை இடைவெளியாகச் சொன்னால், சராசரி வேறுபாட்டின் 95% இடைவெளி 0.03 முதல் 41.84 வரை. அங்குலத்தில் ஏறத்தாழ 0.004 முதல் 5.23 வரை. கீழ் எல்லை பூச்சியத்தைத் தொடாமல் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு நெருக்கமான முடிவை நம்பும் முன், எடுகோள் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

இங்கு எந்த எண்களுக்குப் படம் வரைய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இணைத் தரவுக்கான t சோதனை வேறுபாடுகளை மட்டுமே பயன்படுத்துகிறது. ஆகவே வேறுபாடுகளுக்குத்தான் படம் தேவை. இரு வகைச் செடிகளின் உயரங்களுக்கும் தனித்தனியே படம் வரைந்து இயல்நிலையைத் தேடுவது இச்சோதனைக்குப் பொருந்தாது. மாறாக, தொடர்பில்லாத இரு குழுக்களை ஒப்பிடும் t சோதனையாக இருந்தால் ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் படம் வரைய வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டி ஒரே படம் வரைந்தால், சராசரிகளின் வேறுபாடே இயல்நிலை இன்மைபோலத் தோன்றிவிடும்.

## படம் வரையும் முறை

படிகள் மூன்றே. முதலில் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த வேண்டும். அடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் இயல்நிலைப் பரவலிலிருந்து எதிர்பார்க்கும் எண்ணைக் காண வேண்டும். கடைசியாக, எதிர்பார்க்கும் எண்ணைக் கிடை அச்சிலும் உண்மையான எண்ணைக் குத்து அச்சிலும் வைத்துப் புள்ளியிட வேண்டும்.

இரண்டாம் படிக்குச் சற்று விளக்கம் தேவை. பள்ளியில் படிக்கும் கால்மானம் தரவை நான்காகப் பிரிக்கிறது, பதின்மானம் பத்தாகப் பிரிக்கிறது. எத்தனை பங்காகவும் பிரிக்கலாம் என்று பொதுமைப்படுத்தினால் கிடைப்பதே குவாண்டைல். 15 எண்கள் இருந்தால், இயல்நிலை வளைவின்கீழ் உள்ள பரப்பை 15 சம பங்குகளாக வெட்டி, ஒவ்வொரு பங்கின் நடுவிலும் ஒரு புள்ளி இருப்பதாகக் கொள்ளலாம். i ஆவது எண்ணுக்கு அந்தப் பரப்பு (i − 0.5)/15. முதல் எண்ணுக்கு இது 0.0333. திட்ட இயல்நிலை அட்டவணையில் இடப்பக்கப் பரப்பு 0.0333 ஆக இருக்கும் இடம் z = −1.83. எட்டாவது எண் நடு எண் ஆதலால் அதன் பரப்பு 0.5, z = 0. சில மென்பொருள்கள் 0.5க்குப் பதிலாகச் சற்று வேறான திருத்தத்தைப் பயன்படுத்தும். படத்தின் தோற்றம் அதனால் அதிகம் மாறாது.

ஒப்பிட ஒரு கோடும் வேண்டும். முதல் கால்மானத்தையும் மூன்றாம் கால்மானத்தையும் இணைக்கும் கோடே பொதுவாக வரையப்படுகிறது. இத்தரவில் அவை 11, 45. திட்ட இயல்நிலைப் பரவலின் கால்மானங்கள் −0.674, 0.674. ஆகவே கோட்டின் சரிவு 34 / 1.349 = 25.2. z = 0 ஆகும் இடத்தில் கோட்டின் உயரம் 28. அதாவது கோடு 28 + 25.2z. தரவின் நடுப்பாதியை மட்டும் கொண்டு வரைவதால் விளிம்பில் உள்ள எண்கள் இக்கோட்டை இழுப்பதில்லை. அதுவே இதன் பயன்.

| வரிசை | z | வேறுபாடு | கோட்டின் உயரம் |
|---|---|---|---|
| 1 | −1.83 | −67 | −18.2 |
| 2 | −1.28 | −48 | −4.3 |
| 3 | −0.97 | 6 | 3.6 |
| 4 | −0.73 | 8 | 9.7 |
| 5 | −0.52 | 14 | 14.8 |
| 6 | −0.34 | 16 | 19.4 |
| 7 | −0.17 | 23 | 23.8 |
| 8 | 0 | 24 | 28.0 |
| 9 | 0.17 | 28 | 32.2 |
| 10 | 0.34 | 29 | 36.6 |
| 11 | 0.52 | 41 | 41.2 |
| 12 | 0.73 | 49 | 46.3 |
| 13 | 0.97 | 56 | 52.4 |
| 14 | 1.28 | 60 | 60.3 |
| 15 | 1.83 | 75 | 74.2 |

கையால் வரைய இவ்வட்டவணையே போதும். R என்னும் புள்ளியியல் மென்பொருளில் இரண்டு கட்டளைகள் இதே படத்தைத் தரும்:

```r
d <- c(49, -67, 8, 16, 6, 23, 28, 41, 14, 29, 56, 24, 75, 60, -48)
qqnorm(d)
qqline(d)
```

## படத்தைப் படித்தல்

தரவு குத்து அச்சில் இருக்கும்போது பொதுவான வடிவங்கள் இவை. இரு முனைகளும் கோட்டுக்கு மேலே வளைந்தால் வலப்பக்க வால் நீண்டது. இரு முனைகளும் கீழே வளைந்தால் இடப்பக்க வால் நீண்டது. இட முனை கீழும் வல முனை மேலும் சென்றால் இரு வால்களும் இயல்நிலையை விடக் கனமானவை. இதற்கு நேர்மாறாக இருந்தால் வால்கள் குட்டையானவை. புள்ளிகள் படிக்கட்டு போலக் கிடந்தால் அளவீடு முழு எண்களுக்குத் திருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அது மட்டும் இருந்தால் t சோதனைக்குப் பெரிய இடையூறு இல்லை. சில மென்பொருள்கள் தரவைக் கிடை அச்சில் வைக்கும். அப்போது மேல், கீழ் என்பவை தலைகீழாகும். ஆகவே படத்தைப் படிக்கும் முன் அச்சுகளைப் பார்க்க வேண்டும்.

இனி டார்வினின் படம். மூன்றாம் எண் முதல் பதினைந்தாம் எண் வரை உள்ள 13 புள்ளிகளும் கோட்டை ஒட்டியே செல்கின்றன. அவற்றுள் மிக அதிகமாக விலகுவது 29. அதுவும் கோட்டிலிருந்து 7.6 அலகுதான் கீழே உள்ளது. வல முனையில் 60, 75 ஆகியவை கோட்டின் மேலேயே கிடக்கின்றன. ஆனால் இட முனையில் உள்ள இரண்டு புள்ளிகள் திடீரென்று கீழே விழுகின்றன. −48 கோட்டிலிருந்து ஏறத்தாழ 44 அலகும், −67 ஏறத்தாழ 49 அலகும் கீழே உள்ளன.

இது வளைவு அன்று, முறிவு. தரவு முழுவதும் கோட்டமுடையதாக இருந்தால் புள்ளிகள் நடுப்பகுதியிலிருந்தே மெல்ல வளைந்து விலகும். இங்கு 13 புள்ளிகள் ஒரு கூட்டமாகவும் இரண்டு புள்ளிகள் தனியாகவும் நிற்கின்றன. சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே வராது. தெரிந்துகொள்ள ஒரு தடயம் உண்டு. கோட்டின் சரிவு நடுப்பகுதியின் திட்ட விலக்கத்துக்கு ஈடானது, இங்கு 25.2. t கணக்கில் நுழைந்த திட்ட விலக்கமோ 37.7. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அந்த இரண்டு செடி இணைகள்தான் உண்டாக்கின.

படம் புள்ளிகளைச் சுட்டினால், அடுத்த வேலை மூலப் பதிவுக்குத் திரும்புவது. −67 தந்த இணையிலும் −48 தந்த இணையிலும் அயல் சேர்க்கைச் செடியின் உயரம் 12 அங்குலம். மற்ற 13 அயல் சேர்க்கைச் செடிகளும் 18 அங்குலத்துக்கு மேற்பட்டவை. ஆக, விலகலுக்குக் காரணம் தன் சேர்க்கைச் செடிகள் மிக உயரமாக வளர்ந்ததன்று. இரண்டு அயல் சேர்க்கைச் செடிகள் மிகக் குட்டையாக நின்றுவிட்டதே காரணம்.

## இது தற்செயலா?

15 எண்கள் கொண்ட மாதிரி, உண்மையான இயல்நிலைப் பரவலிலிருந்து வந்தாலும், கோட்டின்மேல் துல்லியமாக அமையாது. அதிலும் முனைப் புள்ளிகள் நடுப் புள்ளிகளை விட அதிகமாக ஊசலாடும். 15 எண்களில் மிகச் சிறியதன் ஊசலாட்டம் நடு எண்ணின் ஊசலாட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே முனையில் ஒரு புள்ளி சற்று விலகியதும் இயல்நிலை இல்லை என்று தீர்ப்புச் சொல்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

கண்ணைப் பழக்குவதற்கு ஓர் எளிய வழி உண்டு. கணினியில் இயல்நிலைப் பரவலிலிருந்து 15 எண்கள் கொண்ட எட்டு மாதிரிகளை உருவாக்கி, அவற்றின் படங்களுக்கு நடுவே உண்மைத் தரவின் படத்தை ஏதோ ஓரிடத்தில் ஒளித்துவைக்க வேண்டும்:

```r
par(mfrow = c(3, 3))
k0 <- sample(9, 1)
for (k in 1:9) {
  x <- if (k == k0) d else rnorm(15)
  qqnorm(x, main = k)
  qqline(x)
}
```

இத்தரவை முன்பின் பார்த்திராத நண்பர் ஒருவரிடம் ஒன்பது படங்களையும் காட்டி, எது மற்றவற்றிலிருந்து வேறுபட்டது என்று கேட்கலாம். பிறகு `k0` என்று தட்டச்சு செய்தால் உண்மைப் படத்தின் எண் தெரியும். அவர் அதையே தேர்ந்தெடுத்தால் விலகல் கவனிக்கத்தக்கது. வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால், இவ்வளவு விலகல் தற்செயலாகவும் வரும் என்று கொள்ளலாம். மென்பொருள் தரும் அச்சு எண்கள் படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் `qqnorm` கட்டளையில் `yaxt = "n"` என்று சேர்த்துக் குத்து அச்சின் எண்களை மறைக்கலாம்.

எண்ணாலும் இதைக் கேட்கலாம். ஷாபிரோ-வில்க் சோதனை இத்தரவுக்கு W = 0.90 என்று தருகிறது. அதன் p மதிப்பு ஏறத்தாழ 0.1. அதாவது இயல்நிலைப் பரவலிலிருந்து வரும் 15 எண் மாதிரிகளில் பத்தில் ஒன்று இந்த அளவுக்கோ இதற்கு மேலோ விலகும். 5 விழுக்காட்டு எல்லையை மட்டும் பார்ப்பவர், இயல்நிலை மறுக்கப்படவில்லை, இனி t சோதனைக்குத் தடையில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இந்த இடத்தில்தான் படத்துக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. சோதனை ஒரே ஒரு விடையைத் தருகிறது: மறுக்கலாம் அல்லது மறுக்க இயலாது. சிறிய மாதிரியில் அதற்கு வலு குறைவு என்பதால், பொருட்படுத்த வேண்டிய விலகலையும் அது விட்டுவிடும். மிகப் பெரிய மாதிரியில் t சோதனையைச் சற்றும் பாதிக்காத சிறு விலகலையும் பிடித்துக்கொள்ளும். படமோ வேறொரு கேள்விக்கு விடை தருகிறது: t மதிப்பு எந்த எண்களைத் தொங்கிக்கொண்டு நிற்கிறது? டார்வினின் தரவு இயல்நிலைதானா என்பது தீராத கேள்வியாகவே இருந்தாலும், முடிவு இரண்டு செடிகளைச் சார்ந்தது என்பது உறுதி.

## இரண்டு புள்ளிகள் செய்யும் வேலை

அந்தச் சார்பை அளந்து பார்க்கலாம். −67, −48 ஆகிய இரண்டையும் விலக்கிக் கணக்கிட்டால் மீதமுள்ள 13 எண்களின் சராசரி 33.0, திட்ட விலக்கம் 21.5, t = 5.52. ஐந்து விழுக்காட்டு எல்லையில் தடுமாறிய முடிவு, இரண்டு எண்களை எடுத்ததும் மிக உறுதியானதாகிவிடுகிறது.

எதிர்த்திசையில் ஒரு கணக்கு இன்னும் வியப்பானது. இரண்டு புள்ளிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மிகப் பெரிய வேறுபாடான 75ஐ 175 என்று மாற்றுவோம். இது அயல் சேர்க்கைக்குச் சாதகமான மாற்றம். சராசரி 20.9இலிருந்து 27.6 ஆக உயர்கிறது. ஆகவே t உயர வேண்டும் என்று தோன்றும். ஆனால் திட்ட விலக்கம் 53.5 ஆக ஊதிவிடுவதால் t = 2.00 ஆகக் குறைகிறது. 2.145 என்ற எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. சாதகமான சான்று கூடியும் முடிவு பலவீனமாகிறது. விலகிய புள்ளிகள் உள்ள தரவில் t எப்படி நடந்துகொள்ளும் என்பதை இதை விடத் தெளிவாகக் காட்ட இயலாது.

இதனால் அந்த இரண்டு புள்ளிகளை நீக்கிவிடலாம் என்று ஆகாது. அளவீட்டிலோ பதிவிலோ பிழை என்று தெரிந்தால் திருத்தலாம் அல்லது காரணம் எழுதி நீக்கலாம். படத்தில் கோட்டை விட்டு விலகியது மட்டுமே நீக்குவதற்குக் காரணமாகாது. அயல் சேர்க்கையில் பிறந்தும் சில செடிகள் குட்டையாக நின்றுவிடும் என்பதே இயற்கையின் செய்தியாக இருக்கலாம். அதை அழித்துவிட்டு t = 5.52 என்று எழுதுவது, சாதகமற்ற சாட்சிகளை வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பு எழுதுவதற்குச் சமம்.

## இயல்நிலையை நம்பாத வழிகள்

ஃபிஷர் இதே தரவை இயல்நிலை எடுகோள் இல்லாமலும் சோதித்தார். இரு வகைச் செடிகளுக்கும் வேறுபாடே இல்லையென்றால், ஒவ்வொரு வேறுபாட்டின் குறியும் கூட்டலாகவோ கழித்தலாகவோ இருக்கச் சமவாய்ப்பு உண்டு. 15 எண்களுக்கும் குறிகளை மாற்றி மாற்றி வைத்தால் 32,768 அமைப்புகள் கிடைக்கும். அவற்றுள் கூட்டுத்தொகை 314ஐ எட்டுவதோ தாண்டுவதோ எத்தனை என்று எண்ணினார். மேல் பக்கத்தில் 863, கீழ்ப் பக்கத்தில் −314ஐ எட்டுபவை 863, மொத்தம் 1,726. விகிதம் 0.0527. t சோதனையின் 0.0497க்கு இது மிக அருகில் உள்ளது. இரண்டு புள்ளிகள் விலகியிருந்தும், t அட்டவணை தந்த p மதிப்பு இங்கு பெரிதாகப் பிசகவில்லை.

ஆனால் p சரியாக இருப்பதும், சராசரி நல்ல சுருக்கமாக இருப்பதும் வேறு வேறு. ஃபிஷரின் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையையே அடிப்படையாகக் கொண்டது. அதனால் விலகிய புள்ளிகளின் இழுப்பு அதிலும் உண்டு. எண்களின் அளவுக்குப் பதிலாக வரிசை இடத்தைப் பயன்படுத்தும் வில்காக்ஸன் குறித்தர சோதனை 0.041 என்று தருகிறது. குறிகளை மட்டும் எண்ணும் குறிச் சோதனையில், 15இல் 13 கூட்டல் என்பதற்கு 0.0074 கிடைக்கிறது. எண்களின் அளவுக்கு எவ்வளவு குறைவாக இடம் தருகிறோமோ, அவ்வளவுக்கு அந்த இரண்டு செடிகளின் செல்வாக்கும் குறைகிறது.

இந்த நான்கு எண்களில் விருப்பமானதைத் தேர்ந்தெடுத்து எழுதும் ஆசை எளிதில் வரும். 0.0497 ஒரு பக்கம், 0.0527 மறு பக்கம். நடுவில் 0.05 என்ற கோடு. எந்தச் சோதனையைச் செய்வது என்பதை p மதிப்பைப் பார்த்த பின் முடிவு செய்தால் அந்த p மதிப்புக்குப் பொருள் இல்லாமல் போய்விடும். ஆகவே படத்தை முதலில் வரைந்து, விலகிய புள்ளிகள் இருந்தால் எந்த முறையைக் கையாள்வது என்பதை விடை தெரியும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இத்தரவுக்கு நேர்மையான சுருக்கம் இவ்வாறு இருக்கலாம்: 15 இணைகளில் 13இல் அயல் சேர்க்கைச் செடி உயரமாக இருந்தது. வேறுபாட்டின் இடைநிலை அளவு 3 அங்குலம். சராசரி 2.6 அங்குலம், t = 2.15. இரண்டு இணைகளில் அயல் சேர்க்கைச் செடி 12 அங்குலமே இருந்தது. சராசரிக்கான இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்கு அவையே பெரும் காரணம். படிப்பவர் இதிலிருந்து தாமே எடைபோட்டுக்கொள்ளலாம்.

## படம் காட்டாதவை

t சோதனையின் மற்றோர் எடுகோள், தரவின் எண்கள் ஒன்றையொன்று சாராதவை என்பது. இதைப் பற்றிக் குவாண்டைல் வரைபடம் எதுவும் சொல்லாது. எண்களை வரிசைப்படுத்தும் முதல் படியிலேயே அவை வந்த ஒழுங்கு அழிந்துவிடுகிறது. டார்வினின் இணைகள் நான்கு தொட்டிகளில் இருந்தன. ஒரே தொட்டியில் உள்ள இணைகளின் வேறுபாடுகள் ஒன்றையொன்று ஒத்திருந்தால், 15 இணைகள் என்பது உண்மையில் 15 தனிச் சான்றுகளுக்கு ஈடாகாது. தொட்டிவாரியாகப் புள்ளியிட்டுப் பார்த்தால்தான் இது தெரியும்.

ஒவ்வோர் இணையிலும் எந்தச் செடி எந்த இடத்தில் நடப்பட வேண்டும் என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவில்லை என்பதை ஃபிஷரே சுட்டிக்காட்டினார். குறிகளை மாற்றி எண்ணும் அவருடைய முறைக்கு நியாயம் அளிப்பது அந்தக் குலுக்கல்தான். நேர்கோட்டில் அழகாக அமைந்த படம்கூட இந்தக் குறையை ஈடுசெய்யாது. படம் நேராக இருந்தால் t சோதனையின் எடுகோள்களில் ஒன்று ஏற்கத்தக்கது என்று மட்டுமே பொருள்.